திங்கட்கிழமை மீட்டிங்கில் 'சராசரி ரெஸ்பான்ஸ் டைம்' ஏன் ஏமாற்றுகிறது? டிக்கெட் கணக்கைச் சரியாகச் சுருக்குவது எப்படி?

"என்னப்பா, போன வாரம் அரை மணி நேரத்துல பதில் போயிட்டு இருந்துச்சு. இந்த வாரம் எட்டு மணி நேரமா? டீம்ல எல்லாரும் என்ன பண்றீங்க?"

கஸ்டமர் சப்போர்ட்டில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. திங்கள் காலை 10 மணி மீட்டிங்கில் மேனேஜர் திரையில் பார்ப்பது இரண்டே எண்கள்தான். எத்தனை டிக்கெட் வந்தது? சராசரியாக எவ்வளவு நேரத்தில் பதில் போனது? இந்த இரண்டை வைத்துத்தான் யாருக்குப் பாராட்டு, யாருக்கு அர்ச்சனை, கூடுதல் ஆள் வேண்டுமா என்பதெல்லாம் முடிவாகிறது.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சராசரி பல நேரம் நிலவரத்துக்கு நேர் எதிராக நகரும். டீம் கஷ்டப்பட்டு பழைய டிக்கெட்டுகளை முடித்த வாரத்தில் எண் மோசமாகத் தெரியும். கஷ்டமானதை ஓரம் கட்டிவிட்டு எளிதானதை மட்டும் முடித்த வாரத்தில் எண் அழகாக இருக்கும். இது எப்படி நடக்கிறது, இதில் சிக்காமல் வாரக் கணக்கை எப்படிச் சுருக்குவது என்று பார்ப்போம்.

ஒரு கடை, ஆறு பேர், 412 டிக்கெட்

திருப்பூரிலிருந்து ஆன்லைனில் டி-ஷர்ட் விற்கும் ஒரு கடையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக வைத்தவைதான். சப்போர்ட்டில் ஆறு பேர். திங்கள் முதல் சனி வரை, காலை 9 முதல் மாலை 6 வரை வேலை. மெயில், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எதில் புகார் வந்தாலும் ஹெல்ப்டெஸ்க் மென்பொருளில் ஒரு டிக்கெட்டாகப் பதிவாகும். ஃப்ரெஷ்டெஸ்க், ஸோஹோ டெஸ்க், ஸென்டெஸ்க் என எந்தக் கருவியாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். டிக்கெட் வந்த நேரம், முதல் பதில் போன நேரம், முடிந்த நேரம் ஆகிய மூன்றும் அதில் இருக்கும். இதை சி.எஸ்.வி. ஃபைலாக இறக்கி எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ திறக்கலாம்.

போன வாரம் வந்தவை 412 டிக்கெட். அதற்கு முந்தைய வாரம் 355. இதுதான் நம் கையில் இருக்கும் கச்சாப் பொருள்.

முதல் வேலை: கணக்கு இடிக்கிறதா என்று பாருங்கள்

ரெஸ்பான்ஸ் டைம் பக்கம் போவதற்கு முன், எண்ணிக்கை சரியா என்று பார்க்க வேண்டும். கடையில் இருப்புக் கணக்கு பார்ப்பது போலத்தான். வாரத் தொடக்கத்தில் நிலுவை, அதோடு புதிதாக வந்தவை, முடிந்த பிறகு மீண்டும் திறக்கப்பட்டவை ஆகியவற்றைக் கூட்டி, முடித்தவற்றைக் கழித்தால் வாரக் கடைசி நிலுவை வர வேண்டும்.

நம் கடையில் தொடக்க நிலுவை 96. புதியவை 412. மீண்டும் திறந்தவை 9. முடித்தவை 371. அப்படியானால் கடைசி நிலுவை 146. ஹெல்ப்டெஸ்க் திரையில் 139 என்று காட்டினால் 7 டிக்கெட்டுக்குக் கணக்கு இல்லை என்று பொருள். பெரும்பாலும் யாராவது ஸ்பேம் என்று நீக்கியிருப்பார்கள். நீக்கியவை 412-க்குள் இருக்கின்றனவா, இல்லையா என்பதை ஒரு முறை முடிவு செய்து, எல்லா வாரமும் அதையே பின்பற்றினால் போதும்.

இங்கே அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு நேர மண்டலம். சில ரிப்போர்ட்கள் UTC நேரத்தில் வரும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. திங்கள் அதிகாலை 3 மணிக்கு வந்த டிக்கெட் அந்த ஃபைலில் ஞாயிறு இரவு 9.30 என்று இருக்கும். அதாவது இந்த வார டிக்கெட் போன வாரத்தில் போய் உட்கார்ந்துவிடும். கண்டுபிடிப்பது எளிது. உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் ஒரு டிக்கெட்டை எடுத்து, ஃபைலில் உள்ள நேரத்தையும் வாட்ஸ்அப்பில் உள்ள நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் ஐந்தரை மணி நேரமாக இருந்தால் விஷயம் இதுதான்.

நிலுவை எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. அது அந்த நொடியின் புகைப்படம். 'போன திங்கள் காலை நிலுவை எவ்வளவு?' என்று இன்று கேட்டால் பல கருவிகளில் எளிதாகப் பதில் கிடைக்காது. அதனால் ஒவ்வொரு திங்களும் அதே நேரத்தில் அந்த எண்ணை ஒரு ஷீட்டில் குறித்து வைத்துவிடுங்கள். நாலு வாரம் கழித்து அதன் அருமை தெரியும்.

சராசரி எங்கே வழுக்குகிறது?

இப்போது பதில் நேரம். புரிந்துகொள்ள 11 டிக்கெட்டை மட்டும் எடுப்போம். முதல் பதில் போக ஆன நிமிடங்கள் இவை: 8, 12, 15, 18, 20, 22, 25, 31, 40, 95, 2,376.

கூட்டி 11-ஆல் வகுத்தால் சராசரி 242 நிமிடம். அதாவது நாலு மணி நேரத்துக்கும் மேல். ஆனால் பட்டியலை மறுபடி பாருங்கள். பதினொரு பேரில் ஒன்பது பேருக்கு 40 நிமிடத்துக்குள் பதில் போயிருக்கிறது. 'நாலு மணி நேரம்' காத்திருந்தவர் ஒருவர்கூட இல்லை!

அந்த 2,376 நிமிட டிக்கெட் என்னவென்று பார்த்தால், சனிக்கிழமை மாலை 5.50-க்கு வந்திருக்கிறது. 6 மணிக்கு ஷிஃப்ட் முடிந்தது. ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை 9.26-க்குப் பதில் போயிருக்கிறது. கடிகாரப்படி 39 மணி 36 நிமிடம். ஆனால் வேலை நேரப்படி சனி 10 நிமிடம், திங்கள் 26 நிமிடம், ஆக மொத்தம் 36 நிமிடம். இந்த ஒன்றை மட்டும் 36 என்று மாற்றினால் சராசரி 242-லிருந்து 29 நிமிடத்துக்கு இறங்கிவிடும்.

இதனால்தான் சராசரிக்குப் பதில் மீடியன், அதாவது இடைநிலை அளவைப் பார்க்கச் சொல்கிறார்கள். எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுப்பதுதான் மீடியன். நம் பட்டியலில் ஆறாவது எண்ணான 22. கடைசி டிக்கெட்டை 2,376 என்று வைத்தாலும் 36 என்று வைத்தாலும் மீடியன் 22-தான். 'வழக்கமான ஒரு வாடிக்கையாளர் எவ்வளவு நேரம் காத்திருந்தார்' என்ற கேள்விக்கு இதுதான் நேர்மையான பதில்.

ஆனால் மீடியன் மட்டும் போதாது. கடைசியில் நின்றவர்கள் என்ன பாடு பட்டார்கள் என்பதை அது சொல்லாது. அதற்குத்தான் 90-வது பெர்சன்டைல். பத்தில் ஒன்பது பேருக்கு எவ்வளவு நேரத்துக்குள் பதில் போனது என்பதை அது சொல்லும். நம் பட்டியலில் கடிகார நேரப்படி அது 95 நிமிடம். வேலை நேரப்படி 40 நிமிடம்.

ஷீட்டில் B வரிசை டிக்கெட் வந்த நேரம், C வரிசை முதல் பதில் நேரம் என்று வைத்தால், 412 டிக்கெட்டுக்கு வேண்டியது இவ்வளவுதான். D2-வில் முதல் வரியைப் போட்டு D413 வரை கீழே இழுத்துவிடுங்கள். நேரங்கள் வெறும் எழுத்தாக இல்லாமல், ஷீட்டுக்குப் புரியும் தேதி-நேரமாக இருக்க வேண்டும்.

```
=IF(C2="","",(C2-B2)*1440)
=MEDIAN(D2:D413)
=PERCENTILE.INC(D2:D413,0.9)
=COUNTBLANK(C2:C413)
```

ஷீட் நேர வித்தியாசத்தை நாள் கணக்கில்தான் வைத்திருக்கும். 1440 என்பது ஒரு நாளில் உள்ள நிமிடங்கள். இது கடிகார நேரம் என்பதை மறக்க வேண்டாம். வேலை நேரக் கணக்கை ஷீட்டில் உருவாக்குவது தலைவலி. ஹெல்ப்டெஸ்க் செட்டிங்கில் வேலை நேரத்தையும் விடுமுறை நாட்களையும் சரியாகக் கொடுத்து, அங்கிருந்தே எடுப்பது நல்லது. பொங்கல், தீபாவளி விடுமுறையை அதில் சேர்க்க மறந்தால் அந்த வாரம் எண் எகிறிவிடும்.

இரண்டில் எதைச் சொல்வது? டீமை மதிப்பிட வேலை நேரம். வாடிக்கையாளர் பட்ட பாட்டைச் சொல்ல கடிகார நேரம். எதைச் சொன்னாலும் பக்கத்தில் எது என்று எழுதிவிடுங்கள். ஒரு வாரம் இது, மறு வாரம் அது என்று கலந்துவிட்டால், மேனேஜர் பார்க்கும் ஏற்ற இறக்கம் உண்மையில் நடக்காத ஒன்றாகிவிடும்.

உழைத்தவருக்கு ஏன் கெட்ட பெயர்?

மேலே உள்ள முதல் ஃபார்முலாவை இன்னொரு முறை பாருங்கள். பதில் போகாத டிக்கெட் என்றால் அது கட்டத்தைக் காலியாக விடுகிறது. மீடியனும் பெர்சன்டைலும் காலிக் கட்டத்தைக் கண்டுகொள்ளாது. ஹெல்ப்டெஸ்க் டாஷ்போர்டில் வரும் சராசரியும் பொதுவாக இப்படித்தான். பதில் போனவற்றுக்கு மட்டுமே 'பதில் நேரம்' என்ற ஒன்று இருக்கிறது. இன்னும் காத்திருப்பவர் கணக்கிலேயே வருவதில்லை.

இதன் விளைவை இரண்டு வாரம் வைத்துப் பார்ப்போம்.

முதல் வாரம் 100 டிக்கெட் வருகிறது. 80 எளிதானவை. 'சைஸ் மாத்தலாமா?', 'பில் அனுப்புங்க' போன்றவை. ஒவ்வொன்றுக்கும் 30 நிமிடத்தில் பதில் போகிறது. மீதி 20 சிக்கலானவை. கூரியர் ஆபீசுக்குப் போன் போட்டுப் பார்சல் எங்கே என்று தேட வேண்டும். 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று அவை கிடக்கின்றன. திங்கள் ரிப்போர்ட்டில் சராசரி 30 நிமிடம். எல்லோருக்கும் சந்தோஷம்.

இரண்டாம் வாரம் மேலும் 100 டிக்கெட். டீம் இந்த முறை அத்தனைக்கும் 30 நிமிடத்தில் பதில் போடுகிறது. அதோடு, போன வாரம் கிடந்த 20-ஐயும் முடிக்கிறது. ஆனால் அந்த 20 பேரும் அதற்குள் 45 வேலை மணி நேரம், அதாவது 2,700 நிமிடம் காத்திருந்துவிட்டார்கள். இப்போது சராசரி என்ன? நூறை 30-ஆல் பெருக்கினால் 3,000. இருபதை 2,700-ஆல் பெருக்கினால் 54,000. கூட்டி 120-ஆல் வகுத்தால் 475 நிமிடம். ஏறத்தாழ எட்டு மணி நேரம்!

கட்டுரையின் தொடக்கத்தில் இருந்த கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது. டீம் சிறப்பாக வேலை பார்த்த வாரத்தில்தான் எண் பதினாறு மடங்கு மோசமாகிறது. அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. 'பழைய டிக்கெட்டைத் தொட்டால் திட்டு விழும்' என்று டீம் கற்றுக்கொள்ளும். பழையது மேலும் பழையதாகும்.

இந்தக் கண்ணியில் மீடியனும் முழுதாகக் காப்பாற்றாது. இரண்டு வாரமும் மீடியன் 30 நிமிடம்தான். நல்ல வாரத்துக்கும் மோசமான வாரத்துக்கும் வித்தியாசமே அதில் தெரியாது. 90-வது பெர்சன்டைலோ இரண்டாம் வாரம் 45 மணி நேரம் என்று காட்டிப் பயமுறுத்தும்.

இதற்குத் தீர்வு மூன்று சின்ன மாற்றங்கள்

முதலாவது, டிக்கெட்டை அது வந்த வாரத்தின் கணக்கில் வையுங்கள், பதில் போன வாரத்தில் அல்ல. அப்படிச் செய்தால் அந்த 20 டிக்கெட்டின் பாரம் முதல் வாரத்துக்கே போய்ச் சேரும். இதில் ஒரு சங்கடம் உண்டு. போன திங்கள் சொன்ன எண், பழையவற்றுக்குப் பதில் போகப் போக மாறிக்கொண்டே இருக்கும். 'போன வாரம் 30 நிமிஷம்னு சொன்னீங்களே?' என்று கேட்பார்கள். அதனால் ரிப்போர்ட்டிலேயே 'திங்கள் காலை 9 மணி நிலவரம்' என்று எழுதிவிடுவது நல்லது.

இரண்டாவது, காத்திருப்பவர்களையும் வகுக்கும் எண்ணில் சேருங்கள். நம் கடையில் 412 வந்ததில் 381-க்குப் பதில் போயிருக்கிறது. 31 பேர் இன்னும் காத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் பதில் கிடைத்தவர்கள் 301 பேர். இதை 381-ஆல் வகுத்தால் 79 சதவீதம். 412-ஆல் வகுத்தால் 73 சதவீதம். சரியானது இரண்டாவதுதான். ஞாயிறு இரவு வந்து, இன்னும் ஒரு மணி நேர வேலை நேரம்கூட ஆகாத டிக்கெட்டுகள் அந்த 31-இல் நிறைய இருந்தால் மட்டும் அவற்றைத் தனியாகச் சொல்லிவிடலாம்.

மூன்றாவது, பதில் நேரத்துக்குப் பக்கத்திலேயே 'முதல் பதிலுக்குக் காத்திருப்பவர் எத்தனை பேர், அதில் மிகப் பழையது எத்தனை நாள்' என்று ஒரு வரி. இந்த ஒரு வரி இருந்தால் எளிதானதை மட்டும் முடித்து எண்ணை அழகுபடுத்த முடியாது. முந்தைய வாரங்களில் வந்து இன்னும் கிடப்பவை இந்த வார ஃபைலில் இருக்காது. 'முடியாதவை' என்று தனியாக வடிகட்டி எடுக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. 'உங்கள் புகார் கிடைத்தது, விரைவில் தொடர்பு கொள்வோம்' என்று தானாகப் போகும் மெசேஜ் முதல் பதிலாகப் பதிவாகிவிட்டால் எல்லாக் கணக்கும் வீண். ஒரு நிமிடத்துக்குள் பதில் போன டிக்கெட்டுகளை வடிகட்டிப் பாருங்கள். பத்து இருபது வந்து, உள்ளே எல்லாம் ஒரே வாசகமாக இருந்தால் அதுதான் காரணம்.

412 ஏன் 412 ஆனது?

எண்ணிக்கை 355-லிருந்து 412. அதாவது 57 டிக்கெட், 16 சதவீதம் அதிகம். இதை மட்டும் சொன்னால் அடுத்த கேள்வி 'சேல்ஸ் கூடியிருக்கும், அதான்' என்பதாகவோ 'ஆள் வேணும்னு கேக்கறீங்களா?' என்பதாகவோ இருக்கும். இரண்டுக்கும் பதில் ஃபைலிலேயே இருக்கிறது.

ஆர்டர் எண்ணிக்கையைப் பக்கத்தில் வையுங்கள். முந்தைய வாரம் 5,000 ஆர்டர், போன வாரம் 5,050. விற்பனை ஒரு சதவீதம்தான் கூடியிருக்கிறது. 100 ஆர்டருக்கு 7.1 ஆக இருந்த டிக்கெட் 8.2 ஆகியிருக்கிறது. அப்படியானால் காரணம் விற்பனை இல்லை.

அடுத்து வகைவாரியாகப் பிரியுங்கள். டெலிவரி பற்றிய டிக்கெட் 64-லிருந்து 117. மற்ற எல்லாம் சேர்த்து 291-லிருந்து 295. கூடுதலாக வந்த 57-இல் 53 ஒரே இடத்திலிருந்து வந்திருக்கிறது. இது சப்போர்ட் டீமின் பிரச்சினை அல்ல, கூரியர் பிரச்சினை என்பது இப்போது யாருக்கும் புரியும்.

இங்கே ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். பார்சல் வராத கோபத்தில் ஒரே ஆள் மெயில், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றிலும் எழுதினால் மூன்று டிக்கெட். அந்த 117-இல் போன் நம்பர் அல்லது ஆர்டர் நம்பர் எத்தனை தனித்தனியாக இருக்கிறது என்று பார்த்தால் உண்மையில் எத்தனை பேருக்குப் பார்சல் வரவில்லை என்று தெரிந்துவிடும்.

மேனேஜர் கையில் கொடுப்பது எப்படி?

மீட்டிங்குக்கு ஒன்பது சார்ட் வேண்டாம். போனில் ஒரே திரையில் படித்து முடிக்கும் அளவு போதும். நம் கடைக்கு அது இப்படி இருக்கலாம்:

"மேடம், போன வார சப்போர்ட் கணக்கு (திங்கள் காலை 9 மணி நிலவரம், வேலை நேரப்படி).

வந்தது 412, முந்தைய வாரம் 355. கூடுனதுல 53 டெலிவரி லேட் புகார். மத்தது அப்படியேதான் இருக்கு.

முடிச்சது 371. நிலுவை 96-லிருந்து 146 ஆயிடுச்சு.

முதல் பதில்: பாதிப் பேருக்கு 26 நிமிஷத்துக்குள்ள. பத்துல ஒன்பது பேருக்கு 3 மணி 40 நிமிஷத்துக்குள்ள. முந்தைய வாரம் இது 1 மணி 50 நிமிஷம். ஒரு மணி நேரத்துக்குள்ள பதில் போனது 73 சதவீதம், முந்தைய வாரம் 82.

இன்னும் பதிலே போகாதது 31. பழையது செவ்வாய்க்கிழமை வந்தது. எல்லாம் கூரியர் கேஸ்.

முடிவு வேணும்: கூரியர் கம்பெனிகிட்ட யார் பேசுறது? இந்த வாரம் ஒருத்தரை இந்த 31-க்கு மட்டும் போட்டா முடிச்சிடலாம். அப்படிப் போட்டா புது டிக்கெட்டுக்குப் பதில் போறது கொஞ்சம் தாமதமாகும்."

இதில் கவனிக்க வேண்டியது, 'மீடியன்', 'பெர்சன்டைல்' என்ற சொல்லே வரவில்லை. பாதிப் பேர், பத்தில் ஒன்பது பேர் என்றாலே எவருக்கும் புரியும். 26 நிமிடம் என்பது நன்றாகத் தெரிகிறது, ஆனால் அடுத்த எண் இரட்டிப்பாகியிருக்கிறது. வழக்கமான கேள்விகளுக்கு டீம் நன்றாகவே ஈடுகொடுக்கிறது, அடைப்பு ஒரே இடத்தில் இருக்கிறது என்பதை இந்த இரண்டு எண்களும் சேர்ந்து சொல்கின்றன. ஒற்றைச் சராசரியில் இது வெளியே வராது.

கடைசி வரிதான் ரொம்ப முக்கியம். பழைய 31 டிக்கெட்டை முடித்தால் அடுத்த திங்கள் எந்த எண் ஏறும் என்று முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. அடுத்த வார மீட்டிங்கில் அந்த எண் ஏறி நிற்கும்போது, 'என்னப்பா பண்றீங்க?' என்ற கேள்விக்குப் பதிலாக, 'அந்த 31 முடிஞ்சுதா?' என்ற கேள்வி வரும். பத்து நாளாகப் பார்சலுக்குக் காத்திருப்பவருக்கும் வேண்டியது அந்தக் கேள்விதான்.